ஒரே 6 சதவீதமா, ஆண்டுக்கொரு விகிதமா? கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மாறிப்போன ஒரு மூன்றாண்டுக் கணக்கு

பேரேடு எழுதியது:

அலுவலகத்தில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். எண்களை எளிதாக்கித் தருகிறேன், சாரம் மாறவில்லை.

மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்று. முதல் ஆண்டு முடிவில் 1,000 வருகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் இன்னொரு 1,000. மூன்றாம் ஆண்டு முடிவில் இயந்திரங்களைக் கழற்றி, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க 2,200 செலவாகும். தொடக்கத்தில் முதலீடு எதுவும் இல்லை. வருவதும் போவதும் உறுதியான தொகைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேலாளரின் வாதம் இது: "திட்டம் மூன்றாண்டு. மூன்றாண்டு அரசுக் கடன்பத்திரம் 6 சதவீதம் தருகிறது. எல்லாவற்றையும் 6 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்." அப்படிச் செய்தால் நிகழ்கால மதிப்பு −13.77. ஒப்பந்தம் வேண்டாம் என்று கணக்கு சொல்கிறது.

தணிக்கைப் பிரிவிலிருந்து வந்த பெண் ஒருவர் அதே நாளின் வட்டி வளைகோட்டை, அதாவது ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று காலத்துக்குக் காலம் மாறும் சந்தை விகிதங்களின் வரிசையை எடுத்து, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு ஸ்பாட் விகிதம் வைத்துக் கணக்கிட்டார். அவருக்கு +25.29 வந்தது. ஒப்பந்தத்தை எடுக்கலாம் என்கிறார்.

இருவரும் ஒரே சந்தை விவரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஓராண்டுக் கடன்பத்திரம் 4 சதவீதம், ஈராண்டு 5, மூன்றாண்டு 6. மூன்றும் முகமதிப்பான 100-க்கே விற்கின்றன, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி. வித்தியாசம் 39 தான், ஆனால் குறியே மாறிவிடுகிறது. யார் சொல்வது சரி? மேலாளரிடம் போய் நிற்க வேண்டியவன் நான்தான்.

---

ஆழிமுத்து எழுதியது:

இருவருமே கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ஒரே விகிதம் என்பது சராசரி. முன்னால் வரும் பணத்துக்கு அது சற்று அதிகம், பின்னால் வருவதற்குச் சற்றுக் குறைவு, கடைசியில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். உங்கள் மேலாளரின் தவறு சராசரி எடுத்ததில் இல்லை, தவறான சராசரியை எடுத்ததில்தான் இருக்கிறது. பணம் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகளில் பரவிக் கிடக்கிறது. நடுவில் இருப்பது ஈராண்டு விகிதம். 5 சதவீதம் வைத்துப் பாருங்கள், தணிக்கைப் பெண்ணின் விடைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

---

கடலோடி77 எழுதியது:

ஸ்பாட் விகிதம் என்றால் இன்றைய நாணயமாற்று விலைதானே? ஒப்பந்தம் வெளிநாட்டுப் பணத்தில் இருந்தால் ஒழிய அது இங்கே எதற்கு? மூன்றாண்டுக்குப் பிறகு வரும் பணத்துக்கு இன்றைய மாற்று விலையைப் போடுவது தவறு, அதற்கு முன்பேர விலை வேண்டும்.

---

பழங்கணக்கு எழுதியது:

கடலோடி, நீங்கள் சொல்வது நாணயச் சந்தையின் ஸ்பாட். இங்கே பேசுவது வட்டிச் சந்தையின் ஸ்பாட். பெயர் ஒன்று, ஆள் வேறு. இன்று கொடுத்து, நடுவில் எதையும் வாங்காமல், குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் மொத்தமாகத் திரும்பப் பெற்றால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் இது.

பேரேடு, தணிக்கைப் பெண் சொல்வதுதான் சரி. ஆனால் "வளைகோடு நவீனமானது" என்று மேலாளரிடம் சொன்னால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார். அவருடைய 6 சதவீதத்திலிருந்தே தொடங்குங்கள்.

அந்த 6 எங்கிருந்து வந்தது? முதல் ஆண்டு 6, இரண்டாம் ஆண்டு 6, மூன்றாம் ஆண்டு 106 தரும் ஒரு பத்திரத்திலிருந்து. அந்தப் பத்திரத்தின் பணத்தில் பெரும்பங்கு மூன்றாம் ஆண்டில் குவிந்திருக்கிறது. அந்த வடிவத்துக்குப் பொருந்தும் ஒற்றை விகிதம் 6. உங்கள் ஒப்பந்தத்தின் வடிவம் அதற்கு நேர் எதிர்: முன்னால் வரவு, பின்னால் செலவு. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டுகிறார் உங்கள் மேலாளர்.

இப்போது சந்தையிடமே கேட்போம்: இரண்டாம் ஆண்டு முடிவில் வரும் 1,000-க்கு மட்டும் இன்று என்ன விலை? ஈராண்டுப் பத்திரத்தில் 952.38 முகமதிப்புக்கு வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் அசலும் 5 சதவீத வட்டியும் சேர்ந்து சரியாக 1,000 வரும். ஆனால் முதல் ஆண்டில் 47.62 வட்டி தேவையில்லாமல் கையில் வருகிறது. அதை நம்பி இன்றே ஓராண்டு விகிதத்தில் கடன் வாங்கினால், அதாவது 47.62-ஐ 1.04-ஆல் வகுத்தால், 45.79 கிடைக்கும். ஆக, கையிலிருந்து போவது 952.38 கழித்தல் 45.79, அதாவது 906.59. இரண்டாம் ஆண்டின் 1,000-க்கு இன்றைய விலை அதுதான். யாருடைய கருத்தும் இதில் இல்லை, கடையில் போய் வாங்கும் விலை.

906.59 ஈராண்டில் 1,000 ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கு 5.025 சதவீதம் வளர வேண்டும். ஈராண்டு ஸ்பாட் இதுவே. 5 இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் ஆண்டுக்கும் இதே வேலையைச் செய்தால் 1,000-க்கு 837.65 வரும், ஸ்பாட் 6.083.

மேலாளரின் 6 சதவீதமோ இரண்டாம் ஆண்டு 1,000-க்கு 890.00 தான் கொடுக்கிறது. 906.59-க்கு விற்க முடிகிற பொருளை 890-க்கு மதிப்பிடுகிறார். முதல் ஆண்டு 1,000-த்தை 961.54-க்குப் பதில் 943.40 என்கிறார். மூன்றாம் ஆண்டுச் செலவை மட்டும் ஏறத்தாழச் சரியாக வைக்கிறார், சொல்லப்போனால் நாலு அலகு கூடுதலாகவே. வரவில் 35 குறைவு, செலவில் 4 அதிகம். உங்கள் 39 அதுதான்.

---

பேரேடு எழுதியது:

கடையில் வாங்கும் விலை என்ற வாதம் பிடித்திருக்கிறது ஐயா, மேலாளர் கொள்முதல் பிரிவிலிருந்து வந்தவர். மூன்றாம் ஆண்டுக்கு நானே கையால் போட முயன்றேன், இரண்டு வட்டிகளைக் கழிக்க வேண்டியிருப்பதால் தடுமாறிவிட்டேன். ஒரு வழி சொல்ல முடியுமா?

---

பழங்கணக்கு எழுதியது:

வட்டி விகிதங்களை விட்டுவிடுங்கள், ஒவ்வோர் ஆண்டும் வரும் 1 அலகின் இன்றைய விலையை மட்டும் பின்தொடருங்கள். முகமதிப்புக்கு விற்கும் பத்திரத்தில், வட்டிகளின் விலையும் கடைசித் தொகையின் விலையும் சேர்ந்து 1 ஆக வேண்டும். முந்தைய ஆண்டுகளின் விலைகள் தெரியும் என்பதால் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

```
d = []
for c in [0.04, 0.05, 0.06]:
    d.append((1 - c*sum(d)) / (1 + c))
print(d)   # 0.96154, 0.90659, 0.83765
```

விரிதாளிலும் இதே ஒரு வரிதான். ஓராண்டிலிருந்து தொடங்கி ஏறுமுகமாகத்தான் போக முடியும், நடுவில் ஓர் ஆண்டு விடுபட்டால் அங்கே நின்றுவிடும். உண்மைச் சந்தையில் பத்திரங்கள் இப்படி வரிசையாக ஆண்டுக்கொன்றாக நிற்பதில்லை. மைய வங்கிகளும் கருவூலங்களும் இடைவெளிகளை ஏதாவதொரு வழுவழுப்பான வளைகோட்டால் நிரப்புவது அதனால்தான். ஐரோப்பிய மைய வங்கி ஸ்வென்சன் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. உங்களுக்கு மூன்றாண்டு போதும், அந்தத் தலைவலி வேண்டாம்.

வெளியிடப்படும் வளைகோடு எந்த வகை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அமெரிக்கக் கருவூலம் தினமும் போடுவது முகமதிப்புப் பத்திரத்தின் விகிதங்கள், ஸ்பாட் அல்ல. அதை அப்படியே ஸ்பாட் என்று எடுத்துக்கொள்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

---

ஆழிமுத்து எழுதியது:

நான் சொன்ன 5 சதவீதத்தை நானே போட்டுப் பார்த்தேன். −41.03 வருகிறது! 6 சதவீதத்தில் இருந்ததைவிட இன்னும் தூரம் போய்விட்டது. விரிதாளை மூன்று முறை சரிபார்த்தேன். விகிதத்தைக் குறைத்தால் மதிப்பு ஏற வேண்டாமா?

---

பழங்கணக்கு எழுதியது:

வரவு மட்டும் இருக்கும் கணக்கில் ஏறும். இங்கே பெரிய தொகை கடைசியில், அதுவும் செலவாக. விகிதத்தைக் குறைக்கக் குறைக்க அந்தத் தூரத்துச் செலவு வரவுகளைவிட வேகமாகப் பெருகுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். +25.29 என்ற சரியான விடையைத் தரும் ஒற்றை விகிதத்தைத் தேடினால் ஏறத்தாழ 7.53 சதவீதம் வரும். வளைகோட்டில் மிக உயர்ந்த ஸ்பாட்டே 6.08 தான். நான்குக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட எதன் சராசரியாகவும் 7.53 இருக்க முடியாது. "ஒரே விகிதம் என்பது சராசரி" என்ற உங்கள் கருத்து, எல்லாத் தொகைகளும் ஒரே குறியில் இருக்கும்போது மட்டும் உண்மை. குறி மாறினால் அந்த எண் எங்கே போய் உட்காரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உண்மையில் இந்தச் சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் இருக்கிறது, சில ஆயிரம் சதவீதத்தில். அதையும் சராசரி என்பீர்களா!

ஒரே குறியாக இருந்தாலும் வடிவத்துக்கு வடிவம் எண் மாறும். ஆண்டுக்கு 1,000 வீதம் மூன்று வரவு என்றால் இந்த வளைகோட்டில் மதிப்பு 2,705.78. அதைத் தரும் ஒற்றை விகிதம் 5.34. மூன்றாம் ஆண்டில் மட்டும் 1,000 என்றால் 6.08. ஒரே நாள், ஒரே சந்தை, ஒரே மூன்றாண்டு. ஒற்றை விகிதம் கணக்கின் முடிவில் கிடைக்கும் எண். அதைத் தொடக்கத்திலேயே உள்ளே போடுபவர், விடையை ஊகித்துவிட்டுக் கேள்வியை எழுதுகிறார்.

---

ஆழிமுத்து எழுதியது:

சரி, அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் அனுபவத்தில் பெரும்பாலான கணக்குகள் வரவு மட்டுமே உள்ளவை. அவற்றில் 6 சதவீதம் தரும் 2,673-க்கும் வளைகோடு தரும் 2,706-க்கும் உள்ள 1.2 சதவீத வேறுபாட்டுக்கு இவ்வளவு பாடா?

---

முல்லைக்கொடி எழுதியது:

எங்கள் குத்தகைப் பிரிவில் இதே வேலையைப் போன ஆண்டு செய்தேன். நீங்கள் யாரும் சொல்லாத ஓர் எளிய வழி எனக்குக் கிடைத்தது. மேலே உள்ள எண்களிலேயே காட்டுகிறேன். 6 சதவீதத்தை ஆண்டுக்கொருமுறை கூட்டாமல் அரையாண்டுக்கு 3 சதவீதமாகக் கூட்டினேன். மூன்றாம் ஆண்டின் 1,000-க்கு 837.48 வந்தது. பழங்கணக்கு ஐயாவின் எண் 837.65. வேறுபாடு 0.17 தான், முழுமையாக்கலில் வரும் பிழை. அப்படியென்றால் இந்தப் படிப்படியான கணக்கே தேவையில்லை, ஒவ்வோர் ஆண்டும் அந்தந்தப் பத்திரத்தின் விகிதத்தை அரையாண்டுக் கூட்டு முறையில் போட்டால் போதும். எங்கள் தலைமைக் கணக்கர் இதை ஏற்றுக்கொண்டார்.

---

பழங்கணக்கு எழுதியது:

அம்மா, இது தற்செயல். இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் போய் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. 6-ஐ ஸ்பாட்டாக எடுத்தது விலையை 2 அலகு உயர்த்தியது. ஆண்டு வட்டி தரும் பத்திரத்துக்கு அரையாண்டுக் கூட்டு போட்டது அதே அளவு இறக்கியது. வளைகோடு சற்றுச் செங்குத்தாகவோ தலைகீழாகவோ இருந்தால் இந்தப் பொருத்தம் உடைந்துவிடும். அமெரிக்காவில் 2022-இன் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஈராண்டுக்கு, பத்தாண்டு விகிதம் ஈராண்டு விகிதத்துக்குக் கீழே கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் ஸ்பாட் முகமதிப்பு விகிதத்துக்குக் கீழே விழும். உங்கள் இரண்டு தவறுகளும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும்.

எந்த விரிதாளையும் நம்புவதற்கு முன் நான் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. வளைகோடு எந்தப் பத்திரங்களிலிருந்து வந்ததோ, அவற்றையே நீங்கள் கண்ட 1 அலகின் இன்றைய விலைகளைக் கொண்டு விலை போட்டுப் பாருங்கள். மூன்றும் 100 வர வேண்டும்.

உங்கள் அரையாண்டு முறையில் ஓராண்டுப் பத்திரம் 99.96, ஈராண்டு 99.93, மூன்றாண்டு 99.98. முதல் பத்திரத்திலேயே 100 வரவில்லை என்றால் கூட்டு முறையைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் ஓராண்டுப் பத்திரத்தில் தவறு செய்ய வேறு இடமே இல்லை. வெறும் 4, 5, 6-ஐ ஸ்பாட்டாக எடுத்தவருக்கு 100.00, 100.05, 100.21 என்று வரும். முதலாவது சரியாக இருந்து, ஆண்டு கூடக் கூடப் பிழை வளர்ந்தால் முகமதிப்பு விகிதத்தை ஸ்பாட் என்று எடுத்துவிட்டார்கள் என்று பொருள். பிழையின் அளவைவிட அது எப்படி வளர்கிறது என்பதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் குத்தகைகள் எத்தனை ஆண்டு நீளம்?

---

முல்லைக்கொடி எழுதியது:

பதினைந்து வரை போகும். இன்று இரவே அந்தச் சோதனையைப் போடுகிறேன். தலைமைக் கணக்கரிடம் யார் சொல்வது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

---

இளவேனில் எழுதியது:

நான் மாணவன். இதில் ஒன்று புரியவில்லை. வளைகோட்டிலிருந்து மூன்றாம் ஆண்டின் ஃபார்வர்டு விகிதத்தையும் எடுக்கலாம் என்று படித்திருக்கிறேன். இந்த எண்களில் அது 8.23 சதவீதம் வருகிறது. மூன்றாம் ஆண்டுப் பணத்துக்கு மூன்றாம் ஆண்டின் விகிதம்தானே பொருந்தும்? 2,200-ஐ 1.0823-இன் மும்மடிப்பெருக்கால் வகுத்தால் செலவு இன்னும் வெகுவாகக் குறைகிறதே.

---

பழங்கணக்கு எழுதியது:

தம்பி, 8.23 என்பது இரண்டாம் ஆண்டு முடிவிலிருந்து மூன்றாம் ஆண்டு முடிவு வரைக்கான ஓர் ஆண்டின் வாடகை. அதை மூன்று ஆண்டுக்கும் வசூலிக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டுப் பணம் இன்றைக்கு வந்து சேர மூன்று படிகள் இறங்க வேண்டும். கடைசிப் படி 8.23, நடுப்படி 6.06, முதல் படி 4. 1.0823, 1.0606, 1.04 மூன்றையும் பெருக்குங்கள், 1.1938 வரும். 1.06083-இன் மும்மடிப்பெருக்கும் அதே 1.1938 தான். ஸ்பாட் என்பது இந்த மூன்று படிகளின் பெருக்குச் சராசரி. படிப்படியாக இறங்கினாலும் ஒரே தாவாகத் தாவினாலும் ஒரே தரையில்தான் நிற்பீர்கள். பேரேட்டுக்கும் இது உதவும்: 4-லிருந்து 6-க்கு மெதுவாக ஏறுவதுபோல் தோன்றும் வளைகோட்டுக்குள் 8.23 ஒளிந்திருக்கிறது.

---

நிறைமொழி எழுதியது:

ஓய்வூதியக் கணிப்பில் இருபது ஆண்டு இருந்தவள் என்ற முறையில் ஆழிமுத்துவின் 1.2 சதவீதக் கேள்விக்கு ஒரு வார்த்தை. எங்கள் துறையில் இந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. கணக்கியல் தரமான ஐ.ஏ.எஸ். 19, கொடுக்கப்போகும் தொகைகளின் கால அமைப்பைப் பிரதிபலிக்கும் ஒற்றைச் சராசரி விகிதம் ஒன்றை நடைமுறையில் பயன்படுத்துவதை ஏற்கிறது. ஆனால் அந்தச் சராசரியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? முதலில் முழு வளைகோட்டால் பொறுப்பின் மதிப்பைக் கணக்கிட்டு, பிறகு அதே மதிப்பைத் தரும் ஒற்றை எண்ணைத் தேடி அறிக்கையில் எழுதுவார்கள். அறிக்கையைப் பார்க்கிறவர் அந்த எண்ணால்தான் கணக்குப் போட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

தொல்லை அடுத்த ஆண்டுதான் தொடங்குகிறது. மூன்று ஆண்டும் 1,000 கொடுக்க வேண்டிய பொறுப்பு என்று வையுங்கள், மதிப்பு 2,705.78. இந்த ஆண்டுக்கு எவ்வளவு வட்டிச் செலவு எழுதுவது? ஒற்றை விகிதமான 5.34-இல் எழுதினால் ஏறத்தாழ 144.6. ஒவ்வொரு தொகைக்கும் அதனதன் ஸ்பாட்டில் தனித்தனியே எழுதினால் 38.46, 45.56, 50.95, மொத்தம் 134.97. தொடக்க மதிப்பு ஒன்றே, வட்டிச் செலவு பத்து குறைகிறது. அமெரிக்காவில் பல பெரிய நிறுவனங்கள் 2015-ஐ ஒட்டி இரண்டாவது முறைக்கு மாறியபோது, "துல்லியத்துக்காகவா, லாபத்தை அழகாகக் காட்டவா" என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். துல்லியம்தான் என்பது என் கட்சி. ஆனால் வளைகோடு தலைகீழாக இருந்த ஆண்டுகளிலும் அதே ஆர்வத்தோடு மாறியிருப்பார்களா என்று யாராவது கேட்டால், எனக்குச் சிரிப்புதான் வரும்.

---

பழங்கணக்கு எழுதியது:

நிறைமொழி அம்மா சொன்னதில் ஒரு நுணுக்கம் சேர்க்கலாமா? ஃபார்வர்டு விகிதங்கள் அப்படியே நடந்தேறினால், முதல் ஆண்டில் மூன்று தொகைகளுமே 4 சதவீதம்தான் வளரும். 2,705.78-க்கு 108.23. உங்கள் 134.97 அதைவிட அதிகம். ஆக "முழு வளைகோடு" என்ற பெயரில் நடப்பதும் முழுக்க வளைகோட்டின் வழி அல்ல.

---

நிறைமொழி எழுதியது:

உண்மைதான். அதனால்தான் விவாதம் அடங்கவில்லை என்றேன். 108 எழுதுங்கள் என்று எந்த நிதி இயக்குநரிடமும் சொல்லிப் பாருங்கள், மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார், மூன்றாம் ஆண்டில் 8.23 எழுதும் வரை.

---

வேப்பங்குச்சி எழுதியது:

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். நீங்கள் எல்லோரும் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை துல்லியம் பேசுகிறீர்கள். நிஜத்தில் அந்த 2,200 என்பதே யாரோ ஒரு பொறியாளரின் ஊகம். அது 2,240 ஆனால், நீங்கள் இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த +25 அடித்துச் செல்லப்பட்டு −8 ஆகிவிடும். குத்துமதிப்பான தொகையைத் துல்லியமான விகிதத்தால் வகுப்பது வீண்வேலை. அதோடு, நீங்கள் போடுவது ஆபத்தில்லாத அரசு விகிதம். ஒப்பந்தத்துக்கு ஆபத்து உண்டு. 2 சதவீதம் கூட்டிப் போடுங்கள், அவ்வளவுதான்.

---

பழங்கணக்கு எழுதியது:

முதல் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். 2,230-க்கு மேல் செலவானால் வளைகோட்டுக் கணக்கும் எதிர்மறைதான், அந்த எல்லையைப் பேரேடு மேலாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய 6 சதவீதத்தில் அந்த எல்லை 2,184. அதாவது சண்டை உண்மையில் 2,184-க்கும் 2,230-க்கும் இடையில் மட்டும்தான். பொறியாளர் 1,900 என்றாலோ 2,500 என்றாலோ இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் ஊகம் குத்துமதிப்பாக இருப்பது, தெரிந்த விலையைத் தப்பாக எழுதுவதற்குக் காரணமாகாது. ஊகத்தின் பிழை எந்தப் பக்கமும் போகலாம். மேலாளரின் 6 சதவீதம், ஏறுமுக வளைகோட்டில் இந்த வடிவ ஒப்பந்தங்களை எப்போதும் ஒரே பக்கம் தள்ளும். வரிசையாக இருபது ஒப்பந்தம் வந்தால் இருபதிலும்.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கும் கூட்டிப் போடுங்கள். 2,200 செலவின் இன்றைய மதிப்பு 1,842.84-லிருந்து ஏறத்தாழ 1,742-க்கு இறங்கும். செலவு எவ்வளவு ஆகுமோ என்று பயந்து விகிதத்தைக் கூட்டினோம், செலவு நூறு அலகு மலிவாகிவிட்டது! பயம் கூடக் கூடப் பொறுப்பு சுருங்குகிறது. வரவில் ஆபத்து என்றால் விகிதத்தில் கூட்டலாம். செலவில் ஆபத்து என்றால் தொகையில் கூட்டுங்கள், விகிதத்தைத் தொடாதீர்கள்.

---

வேப்பங்குச்சி எழுதியது:

தொகையில் கூட்டு என்றால் எவ்வளவு? 100? 300? அதுவும் ஊகம்தானே. விகிதத்தில் 2 என்றால் குறைந்தபட்சம் எல்லோரும் ஒரே 2-ஐப் போடுகிறார்கள், ஒப்பிட முடிகிறது. சந்தையில் ஆபத்தின் விலை ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் ஒன்றாக இருப்பதில்லை, ஆகவே உங்கள் பக்கமும் எல்லா ஆண்டுக்கும் ஒரே கூடுதலைப் போட்டால் ஒற்றை விகிதத்தின் பாவம் வேறு வேடத்தில் வருகிறது.

---

பழங்கணக்கு எழுதியது:

கடைசி வரி நல்ல அடி. என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. நிறுவனக் கடன்பத்திரங்களின் விலையிலிருந்து ஆண்டுக்காண்டு கூடுதலை எடுக்க முயன்றிருக்கிறேன், மூன்று பத்திரங்களை வைத்துக்கொண்டு முப்பது புள்ளிகள் வரைவது போல முடிந்தது. ஆனால் செலவுக்கு விகிதத்தைக் கூட்டுவதில்லை என்பதில் மட்டும் இறங்கிவர மாட்டேன்.

---

பேரேடு எழுதியது:

மேலாளரைப் பார்த்துவிட்டு வந்தேன். 906.59 வாதத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "அந்த 47.62-ஐ நம்பி எனக்கு யார் 4 சதவீதத்தில் கடன் தருவார்?" என்று கேட்டார். நமக்குத் தர மாட்டார்கள், ஆனால் சந்தையில் அந்த விகிதத்தில் வாங்கவும் விற்கவும் முடிந்தவர்கள் இருப்பதால்தான் விலை அங்கே நிற்கிறது என்றேன். பாதி மனதோடு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு திரையில் இன்னொரு மூன்றாண்டுப் பத்திரத்தைக் காட்டினார். அதற்கு வட்டி 2 சதவீதம்தான், விலை 89.18, ஈட்டு விகிதம் 6.05. "இதுவும் அரசு, இதுவும் மூன்றாண்டு, இரண்டும் ஒரே நாளில் முடிகின்றன. ஒன்று 6.00, ஒன்று 6.05. சந்தையே தப்பாக விலை போடுகிறது, உன் வளைகோட்டை எப்படி நம்புவது?" என்கிறார். விலை மலிவு என்று நினைத்து வாங்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

---

இளவேனில் எழுதியது:

நான் போட்டுப் பார்த்தேன் அண்ணா! வட்டி 2-ஐ 0.96154, 0.90659 இரண்டாலும், கடைசி 102-ஐ 0.83765-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 89.18 வருகிறது. அவர் காட்டிய அதே விலை. அந்தப் பத்திரத்தில் வட்டி குறைவு, அதனால் பணம் இன்னும் அதிகமாகக் கடைசி ஆண்டில் குவிகிறது, அதனால்தான் அதன் ஒற்றை விகிதம் 6.08-ஐ நோக்கி நகர்கிறது. மலிவும் இல்லை, தப்பும் இல்லை.

---

பேரேடு எழுதியது:

நன்றி தம்பி, இதை அப்படியே அச்செடுத்துக்கொண்டு போகிறேன். போகும்போது அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்போகிறேன்: மூன்றாண்டுத் திட்டத்துக்கு மூன்றாண்டு விகிதம் என்றால், இந்த இரண்டில் எது?

---

முல்லைக்கொடி எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சோதனையைப் போட்டேன். எங்கள் வளைகோட்டில் ஓராண்டு 99.96, பத்தாண்டு 100.31, பதினைந்தாண்டு 100.88. தொடக்கத்தில் குறைவு, பிறகு அதிகம். ஐயா, இது கூட்டு முறையா, முகமதிப்பு விகிதமா, இரண்டுமா?

---

பழங்கணக்கு எழுதியது:

இரண்டும்தான் அம்மா. முதலில் ஓராண்டை 100-க்குக் கொண்டுவாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.